டோக்கன் நகரவில்லையா, தாண்டிவிட்டதா, திருப்பி அனுப்பிவிட்டார்களா?

அரசு அலுவலகத்தில் டோக்கன் வாங்கியதும் உட்கார இடம் தேடுவதற்கு முன், அந்தச் சீட்டை ஒரு முறை முழுதாகப் படியுங்கள். எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்து, எந்தச் சேவைக்கான டோக்கன் என்ற வரி, அச்சான நேரம் என்ற மூன்றையும் பாருங்கள். பிறகு போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டு பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாளில் வருகிறது. வெயிலில் கிடந்தாலோ, உள்ளங்கை வியர்வையில் நனைந்தாலோ எழுத்து மங்கிவிடும். எண் அழிந்த சீட்டைக் காட்டி வாதாடுவதைவிடப் படத்தைக் காட்டுவது எளிது.

இனி, உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

## என் முறை எப்போது வரும் என்றே தெரியவில்லை

வாசலில் நிற்கும் காவலரிடம் கேட்டால் "ஒரு மணி நேரம் ஆகும்" என்பார். காலையிலும் மாலையிலும் அதே பதில்தான் வரும். போர்டைப் பார்த்து நீங்களே கணக்குப் போடுவது மேல்.

உங்கள் எழுத்தில் தொடங்கும் எண்களை மட்டும் பாருங்கள். இப்போது ஓடும் எண்ணையும் மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி கழித்து மறுபடி குறியுங்கள். இடையில் எட்டுப் பத்து எண்களாவது நகர்ந்திருந்தால்தான் கணக்கு நிற்கும். இரண்டு மூன்று எண்களை வைத்துப் போட்டால், ஒரே ஒருவர் இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டதும் எல்லாம் தப்பாகிவிடும்.

உங்கள் டோக்கன் பி 147 என்று வைத்துக்கொள்வோம். 10.20க்குப் போர்டில் பி 112. 10.50க்கு பி 121. அரை மணியில் 9 எண்கள் நகர்ந்திருக்கின்றன, அதாவது ஓர் எண்ணுக்கு மூன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. உங்கள் எண் வர இன்னும் 26 அழைப்புகள் வேண்டும். 26ஐ 30ஆல் பெருக்கி 9ஆல் வகுத்தால் ஏறக்குறைய 87 நிமிடம். ஆக 12.17 வாக்கில் உங்கள் முறை.

இந்த 12.17ஐ நம்பி வெளியே போகக் கூடாது. கணக்கில் பாதி நேரம் மட்டுமே உங்களுடையது. இங்கே அது 43 நிமிடம், அதாவது 11.33க்குள் திரும்பியிருக்க வேண்டும். ஏன் பாதி? மூடிக் கிடந்த இரண்டாவது கவுன்டர் எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். ஒன்று இரண்டானால் வேகம் இரட்டிக்கும்.

அதே உதாரணத்தைத் தொடர்ந்து பாருங்கள். 11.20க்குப் போர்டில் பி 136. கடைசி அரை மணியில் 15 எண்கள் ஓடிவிட்டன. பழைய வேகத்தை மறந்துவிட்டு இந்தப் புது வேகத்தில் போடுங்கள். ஓர் எண்ணுக்கு 2 நிமிடம், மீதி 11 அழைப்பு, ஆக 22 நிமிடம். உங்கள் முறை 11.42க்கே வந்துவிடும். 12.17ஐ நம்பியவர் வந்து சேரும்போது அவருடைய எண் அரை மணிக்கு முன்பே போயிருக்கும். 11.33க்குத் திரும்பியவருக்கு முன்னால் இன்னும் நான்கைந்து பேர் இருப்பார்கள்.

### கணக்கைவிட வேகமாக நகர்கிறது

எண் மாறும்போது யாராவது எழுந்து போகிறார்களா என்று பாருங்கள். யாரும் எழவில்லை, எண் மட்டும் வரிசையாகத் தாவுகிறது என்றால், காத்திருந்து அலுத்துப் போனவர்கள் கிளம்பிவிட்டார்கள் என்று பொருள். நேரம் ஆக ஆக இந்த ஆளில்லாத எண்கள் கூடும். மதிய இடைவேளைக்கு முன்னும் அலுவலகம் மூடும் நேரத்தை ஒட்டியும் பத்து எண்கள் ஐந்து நிமிடத்தில் ஓடிவிடலாம். அந்த நேரங்களில் கழிப்பறைக்குப் போவதாக இருந்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் எண்ணைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

### கணக்கைவிட மெதுவாகிவிட்டது

முதலில் கவுன்டர் நாற்காலிகளை எண்ணுங்கள். இரண்டில் ஒன்று காலியாக இருந்தால் மீதி நேரத்தை இரண்டால் பெருக்க வேண்டியதுதான். அடுத்தது, கவுன்டரில் இருப்பவரின் கையைப் பாருங்கள். ஒரே டோக்கனில் வீட்டார் அத்தனை பேருடைய விண்ணப்பக் கட்டும் இருந்தால் அது தற்காலிகத் தடங்கல். அதைச் சேர்த்து வேகத்தைக் கணக்கிட வேண்டாம், அவர் எழுந்த பிறகு புதிதாகக் குறிக்கத் தொடங்குங்கள்.

கணக்கு மதிய இடைவேளையைத் தாண்டினால், அந்த அலுவலகத்தில் இடைவேளை எப்படி நடக்கிறது என்று உதவி மேசையில் கேட்டுவிடுங்கள். சில இடங்களில் எல்லாக் கவுன்டரும் மூடும், அப்போது இடைவேளை நேரத்தை அப்படியே கூட்டினால் போதும். சில இடங்களில் ஆள் மாற்றி ஆள் போவார்கள். அப்போது வேலை நிற்காது, வேகம் பாதியாகும். "மதியம்தானே, யாரும் இருக்க மாட்டார்கள்" என்று வெளியே போய் எண்ணைத் தவறவிடுகிறவர்கள் இரண்டாவது வகை அலுவலகத்தில் சிக்கியவர்கள்.

கணக்கு அலுவலகம் மூடும் நேரத்தைத் தாண்டினால் மாலை வரை உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே மேற்பார்வையாளரிடம் போய், "கொடுத்த டோக்கன் அத்தனையும் இன்றே முடிப்பீர்களா, முடியாவிட்டால் இந்த எண் நாளைக்குச் செல்லுமா?" என்று கேளுங்கள். நாளைக்குச் செல்லும் என்றால் சீட்டின் பின்னால் தேதியிட்டுச் சிறு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை மறுநாள் வேறொருவர் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை.

## போர்டில் எண் அசையவே இல்லை

பதினைந்து நிமிடமாக ஒரே எண். பார்க்க வேண்டிய வரிசை இது.

கவுன்டரில் ஆள் மாறுகிறாரா? மாறுகிறார் என்றால் வேலை நடக்கிறது, போர்டுதான் நடக்கவில்லை. ஊழியர் பட்டனை அழுத்தாமல் வாயால் கூப்பிடுகிறார், அல்லது திரை உறைந்துவிட்டது. எழுந்துபோய்க் கவுன்டர் அருகே காதில் விழும் இடத்தில் நில்லுங்கள். இப்போது கவுன்டரில் இருப்பவரின் எண் என்ன என்று அவரிடமே கேட்டுவிடலாம். போர்டை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள்தான் இந்தச் சூழலில் எண்ணை இழக்கிறார்கள்.

ஆள் மாறவில்லை, ஊழியர் இருக்கையில் இருக்கிறார், திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார் என்றால் பெரும்பாலும் சர்வர் பிரச்சினை. பக்கத்துக் கவுன்டர்களையும் பாருங்கள். எல்லாம் நின்றிருந்தால் இணைப்பே போயிருக்கிறது. ஒன்று மட்டும் நின்றிருந்தால் அந்தக் கணினி, பிரின்டர் அல்லது கைரேகைக் கருவியில் கோளாறு. அப்போது அந்த வரிசையை வேறு கவுன்டருக்குத் திருப்பிவிடுவார்கள், அறிவிப்பைக் கவனியுங்கள்.

எல்லாம் நின்று அரை மணி ஆகிவிட்டால் உதவி மேசைக்குப் போங்கள். "எப்போது வரும்?" என்று கேட்பதில் பயனில்லை, அது அவருக்கும் தெரியாது. "சர்வர் வராவிட்டால் தாளை வாங்கி வைத்துக்கொள்வீர்களா, இந்த டோக்கனுக்கு மாற்று நாள் தருவீர்களா?" என்று கேளுங்கள். இதற்கு அவரால் பதில் சொல்ல முடியும்.

## எனக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போகிறார்

சண்டை போடுவதற்கு முன் அவருடைய சீட்டில் உள்ள எழுத்தைப் பாருங்கள். ஏ, பி, சி என்று ஒவ்வொரு சேவைக்கும் தனி வரிசை ஓடும். சி 31 அழைக்கப்படுவதற்கும் பி 147க்கும் தொடர்பு இல்லை. ஒரே கவுன்டர் இரண்டு எழுத்துகளை மாற்றி மாற்றிக் கூப்பிடுவதும் உண்டு. அதனால்தான் வேகத்தைக் கணக்கிடும்போது உங்கள் எழுத்தை மட்டும் குறிக்கச் சொன்னது.

எழுத்தும் ஒன்று, எண்ணும் பெரிது, ஆனாலும் முன்னால் போனார் என்றால் மூத்த குடிமக்கள், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தையுடன் வந்தவர்கள், முன்பதிவு செய்தவர்கள் ஆகியோருக்கான முன்னுரிமையாக இருக்கலாம். ஏற்கெனவே கவுன்டருக்கு வந்து, விடுபட்ட ஒரு தாளை எடுத்துவரப் போய்த் திரும்பியவராகவும் இருக்கலாம். உங்களுக்கே முன்னுரிமை உண்டென்றால் அதை டோக்கன் வாங்கும்போதே சொல்ல வேண்டும். கவுன்டரில் சொல்வது காலம் கடந்த பேச்சு.

இதில் செலவு பிடிக்கும் காரணம் ஒன்று உண்டு. நீங்கள் வாங்கிய டோக்கனே தவறான சேவைக்கானதாக இருக்கலாம். புது விண்ணப்பத்துக்கும் திருத்தத்துக்கும் தனித்தனி எழுத்து இருக்கும் இடங்களில் இது அடிக்கடி நடக்கிறது. சீட்டில் உள்ள சேவை வரியை உங்கள் விண்ணப்பத்தின் தலைப்போடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் அந்த நிமிடமே உதவி மேசைக்குப் போங்கள். மூன்று மணி நேரம் காத்திருந்து கவுன்டரில் போய்த் தெரிந்துகொண்டால் அங்கிருந்து புது எண்தான், அதுவும் வரிசையின் கடைசியில்.

## என் எண் தாண்டிவிட்டது

புது டோக்கன் எடுக்காதீர்கள். பழையதை ரத்துச் செய்துவிட்டுப் புதியதைக் கொடுக்கும் முறை இருந்தால், எடுத்த நொடியே பழைய எண்ணின் உரிமை போய்விடும்.

மூன்று நான்கு எண்கள்தான் தாண்டியிருக்கின்றன என்றால், அழைத்த கவுன்டருக்கே போய் உட்கார்ந்திருப்பவர் எழும்வரை பக்கவாட்டில் நில்லுங்கள். அவர் எழுந்ததும் சீட்டைக் காட்டி, "என் எண் இப்போதுதான் போனது, மறுபடி கூப்பிட முடியுமா?" என்று கேளுங்கள். டோக்கன் மென்பொருள்களில் ஓர் எண்ணை மீண்டும் அழைக்கும் வசதி பொதுவாக இருக்கும். அடுத்தவரின் வேலை நடுவில் தலையை நீட்டிக் கேட்டால் மட்டும் "போய் உட்காருங்கள்" என்ற பதில்தான் வரும்.

இருபது எண்களுக்கு மேல் போய்விட்டால் கவுன்டர் ஊழியரால் பெரும்பாலும் முடிவெடுக்க முடியாது. மேற்பார்வையாளரைக் கேளுங்கள். அவர் இடையில் சேர்க்கச் சொன்னால் சேர்ப்பார்கள், இல்லையென்றால் அப்போது புது டோக்கன் எடுங்கள்.

## கூப்பிட்டார்கள், பார்த்தார்கள், திருப்பி அனுப்பிவிட்டார்கள்

இருப்பதிலேயே அதிக நேரத்தைத் தின்னும் கோளாறு இது. பெரும்பகுதியைக் காத்திருக்கும் நாற்காலியிலேயே சரிசெய்துவிடலாம் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

### தாள் இருக்கிறது, தேடி எடுப்பதற்குள் நேரம் போய்விட்டது

முன்னால் பத்துப் பேர் இருக்கும்போதே அடுக்கிவிடுங்கள். மேலே டோக்கன், அதன் கீழ் விண்ணப்பம், அதன் கீழ் விண்ணப்பத்தில் இணைப்புப் பட்டியல் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் நகல்கள். அசல்களைத் தனி உறையில், அதே வரிசையில் வையுங்கள். ஊழியர் நகலைப் புரட்டப் புரட்ட நீங்கள் அசலை நீட்டிக்கொண்டே வரலாம்.

ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள், கிளிப் போதும். ஸ்கேன் செய்யும் கவுன்டரில் பின்னைப் பிடுங்கும்போது மூலை கிழியும். அசல்களைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து முன்கூட்டியே உருவி வைத்துவிடுங்கள்.

### நகலை ஏற்கவில்லை

அட்டைகளுக்கு முன்பக்கம் மட்டும் நகல் எடுத்திருப்பார்கள், முகவரியோ பின்பக்கத்தில் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே தாளில் வருவது நல்லது. நகலில் எண்ணின் கடைசி இலக்கம் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறதா, புகைப்படம் கரிக்கட்டையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். சுய சான்றொப்பம் கேட்டிருந்தால் ஒவ்வொரு நகலிலும் எழுத்து இல்லாத இடத்தில் கையெழுத்தும் தேதியும் போடுங்கள்.

எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது என்பதும் முக்கியம். "அலுவலர் முன்னிலையில் கையொப்பமிடவும்" என்று உள்ள கட்டத்தை வெறுமையாக விடுங்கள். அங்கே முன்கூட்டியே போட்ட கையெழுத்துக்காகப் படிவத்தையே மாற்றி எழுத வேண்டி வரலாம். நிரப்பாத படிவம் ஒன்றைக் கூடுதலாக வைத்திருப்பது இதற்காகத்தான். புகைப்படத்தின் பின்னால் பெயர் எழுதுவதானால் பென்சிலால் எழுதுங்கள், மை அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது நகல் எடுக்க வெளியே போகலாமா? மறுபடி அதே பாதிக் கணக்குத்தான். முன்னால் 12 அழைப்பு, ஒன்றுக்கு 3 நிமிடம் என்றால் 36 நிமிடம். உங்களுக்கு 18 நிமிடம். அதற்குள் போய்வர முடியாது என்று தோன்றினால் போகாதீர்கள். உங்கள் முறையில் போய் மற்ற எல்லாவற்றையும் காட்டிவிட்டு, "இந்த ஒரு நகலை மட்டும் எடுத்துவந்து தரலாமா, மறுபடி டோக்கன் வேண்டுமா?" என்று கேளுங்கள். சரி என்றால் சீட்டில் குறிப்பு எழுதி வாங்கிக்கொண்டு, கவுன்டர் எண்ணையும் நினைவில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஒரு தாள் குறைவு என்பதற்கு இப்படி வழிவிடுவார்கள். நான்கு தாள் குறைவு என்றால் விட மாட்டார்கள்.

### போனுக்கு வரும் எண்ணைக் கேட்டார்கள்

பதிவுசெய்த கைபேசி எண் உங்களுடையதா, வீட்டில் வேறொருவருடையதா? ஒருமுறைக் கடவுச்சொல் அவருக்குப் போனால், அவர் அந்த நேரத்தில் போனை எடுக்கும் நிலையில் இருக்க வேண்டும். ஐந்து பேர் முன்னால் இருக்கும்போதே அவரை அழைத்துச் சொல்லிவிடுங்கள். உங்கள் போன் என்றால் சார்ஜும் சிக்னலும் இருக்கின்றனவா பாருங்கள். கூடத்தின் உள்மூலையில் சிக்னல் இல்லாமல் போவது சாதாரணம்.

### பெயரோ தேதியோ பொருந்தவில்லை

காத்திருக்கும் நேரத்தில் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, விண்ணப்பம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். உங்கள் பெயர் உங்களுக்குத் தெரியும் என்பதாலேயே கண் தாவிப் போய்விடும். ஆகவே கூட வந்தவரை வாசிக்கச் சொல்லி நீங்கள் சரிபார்ப்பது நல்லது. இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், மற்றொன்றில் அப்பாவின் முழுப்பெயராக விரிந்து நிற்கும். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். கதவு எண்ணில் பழையது ஒன்று, புதியது ஒன்று இருக்கும்.

பிழை உங்கள் விண்ணப்பத்தில் என்றால் கவுன்டரில் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். பதிவேற்றுவதற்கு முன் திருத்துவது அவருக்கு ஒரு நிமிட வேலை. பதிவேற்றிய பிறகு சொன்னால் அது தனி விண்ணப்பம், பல இடங்களில் தனிக் கட்டணம்.

பிழை சான்றிதழிலேயே இருந்தால் இந்தக் கவுன்டரில் தீராது. அந்தச் சான்றை வழங்கிய அலுவலகத்தில் திருத்த வேண்டும். இனிஷியல் போன்ற சிறு வேறுபாட்டுக்கு வேறொரு சான்றை ஏற்பார்களா என்று முதலில் கேளுங்கள், அதுதான் மலிவான வழி. பிரமாணப் பத்திரம் கேட்டால் எந்த வாசகத்தில், யார் முன்னிலையில் கையொப்பமிட்டது வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டபிறகே நோட்டரியிடம் போங்கள். வாசலில் நிற்பவர் தயாராக வைத்திருக்கும் தாளுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அது உள்ளே செல்லாது என்று திரும்பி வருபவர்கள் ஏராளம். பெயரே வேறு, பிறந்த ஆண்டே வேறு என்ற அளவுக்குப் போனால் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பதுதான் சரி. அந்த நிலையில் டோக்கன் எடுத்துக் காத்திருப்பது வீண்.

எந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினாலும் இருக்கையை விட்டு எழுவதற்கு முன் மூன்று கேள்விகள்: எந்தத் தாள் வேண்டும், எந்தத் தேதிக்குள் கொண்டுவர வேண்டும், நேராக இதே கவுன்டருக்கு வரலாமா? பதிலை அவர் கண்ணெதிரிலேயே விண்ணப்பத்தின் மூலையில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னதில் பிழை இருந்தால் அப்போதே திருத்துவார்.

## முடிந்தது என்றார்கள், அடுத்து என்ன என்று தெரியவில்லை

பல கட்டமாக வேலை நடக்கும் அலுவலகங்களில் முதல் கவுன்டரில் தாளை வாங்கி, படமும் கைரேகையும் எடுத்து, அடுத்த கட்டத்துக்கு அனுப்புவார்கள். பல இடங்களில் அதே டோக்கன்தான் அங்கேயும் ஓடும். ஆகவே சீட்டைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட வேண்டாம். இரண்டாம் கட்டத்தில் எண்கள் வரிசையாக வராது. முதல் கட்டத்தை யார் எப்போது முடித்தார்களோ அந்த வரிசையில் வரும் என்பதால், அங்கே மேலே சொன்ன கணக்கு செல்லாது. போர்டு தெரியும் இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள்.

கடைசிக் கட்டம் என்றால் ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கி, பெயர், விண்ணப்ப எண், கைபேசி எண் மூன்றையும் அங்கேயே படித்துப் பாருங்கள். உறையில் எத்தனை அசல்கள் கொண்டுவந்தீர்களோ அத்தனையும் திரும்பி வந்துவிட்டனவா என்று எண்ணுங்கள். ஸ்கேன் கருவியின் மூடிக்கு அடியில் ஓர் அட்டை தங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. குறைந்தால் உடனே அந்த மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், அடுத்த டோக்கனை அழைத்துவிட்டால் அது வேறொருவரின் கட்டோடு போய்விடும்.